வரம்பைத் தாண்டிய மாதம் எது? தனி உரிமையாளரின் விற்றுமுதல் கணக்கு

ஒருவர் காலையில் சட்ட ஆவணங்களை மொழிபெயர்க்கிறார், மாலையில் பதிப்பகங்களுக்கு நூல் வடிவமைத்துக் கொடுக்கிறார். இரண்டு வேலைக்கும் இரண்டு தொழிற்பெயர்கள், இரண்டு வங்கிக் கணக்குகள், இரண்டு இன்வாய்ஸ் புத்தகங்கள். மறைமுக வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வரம்பை 100 என்று வைத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்பில் ஆண்டுக்கு 60, வடிவமைப்பில் 50 வருகிறது. இரண்டுமே வரம்புக்குக் கீழே இருப்பதால் பதிவு தேவையில்லை என்று நிம்மதியாக இருக்கிறார். ஆனால் வரித்துறையின் கணக்கில் அவருடைய விற்றுமுதல் 110. அவர் வரம்பைத் தாண்டிச் சில மாதங்கள் ஆகியிருக்கலாம்.

தனி உரிமையாளராகத் தொழில் செய்பவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். இது கணக்குப் பிழையன்று. தனி உரிமை என்பது என்ன என்பதைப் புரிந்துகொள்வதில் ஏற்படும் பிழை. கம்பெனி தொடங்கினால் சட்டத்தின் பார்வையில் ஒரு புதிய நபர் பிறக்கிறார். அவருக்குத் தனிப் பெயர், தனிச் சொத்து, தனிக் கடன் உண்டு. தனி உரிமையில் அப்படி யாரும் பிறப்பதில்லை. தொழிற்பெயர் எதுவாக இருந்தாலும் கடன் உங்களுடையது, வருமானம் உங்களுடையது, வரியும் உங்களுடையது. ஆகவே எத்தனை பெயர்ப்பலகை மாட்டினாலும் வரிச்சட்டம் எண்ணுவது ஓர் ஆளைத்தான். இந்தியாவில் ஒரே பான் எண்ணின் கீழ் நாடு முழுவதும் நடப்பதைச் சேர்த்துக் கூட்டுகிறார்கள். பிரிட்டன், சிங்கப்பூர், கனடா ஆகிய நாடுகளிலும் ஒருவரின் எல்லாத் தனி உரிமைத் தொழில்களும் ஒரே கூட்டலில்தான் வருகின்றன.

பதிவு என்ற சொல்லின் இரண்டு பொருள்கள்

"தொழிலைப் பதிவு செய்துவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், எதை, எங்கே என்று கேட்க வேண்டும். தனி உரிமையாளராக இருப்பதற்குப் பல நாடுகளில் எந்தப் பதிவும் தேவைப்படுவதில்லை. வேலை செய்து பணம் வாங்கத் தொடங்கிய நாளிலேயே நீங்கள் தனி உரிமையாளர். அதன் பிறகு நடப்பவை மூன்று தனித்தனிக் காரியங்கள்: தொழிற்பெயரைப் பதிவது, வருமான வரித்துறைக்குத் தெரிவிப்பது, மறைமுக வரிக்குப் பதிவது. ஒன்றைச் செய்தால் மற்றொன்று தானாக நடந்துவிடாது.

சிங்கப்பூரில் அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே தொழில் செய்பவர், தொழிற்பதிவு ஆணையத்தில் பெயரைப் பதிய வேண்டியதில்லை. வேறு பெயரைச் சூட்டிக்கொண்டால் பதிய வேண்டும். பிரிட்டனில் தொழிற்பெயரைப் பதியும் கட்டாயமே இல்லை. ஆனால் இன்வாய்ஸில் தொழிற்பெயரோடு சொந்தப் பெயரும் இருக்க வேண்டும். அங்கே கட்டாயமானது வேறு: ஒரு வரி ஆண்டில் இந்த வகை வருமானம் 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த ஆண்டு முடிந்த பிறகு வரும் அக்டோபர் 5-க்குள் வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் தனி உரிமைக்கென்று ஒரே ஒரு பதிவேடு கிடையாது. சிறுதொழில்களுக்காக, ஆதாரை வைத்து இலவசமாகச் செய்யும் உத்யம் பதிவு இருக்கிறது, மாநிலங்களின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப் பதிவு இருக்கிறது. தனி உரிமையாளர் என்ற நிலையை உண்டாக்குவது இவற்றில் எதுவுமில்லை, இவை அதற்குச் சாட்சி மட்டுமே.

இந்தச் சாட்சித் தேவையால் இந்தியாவில் ஒரு வேடிக்கை நடக்கிறது. தொழிற்பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கப் போனால் வங்கி தொழில் நடப்பதற்கான ஆவணங்களைக் கேட்கும். ஜிஎஸ்டி சான்றிதழும் அவற்றில் ஒன்று. அது இணையத்தில் கட்டணமின்றிக் கிடைப்பதால், விற்றுமுதல் வரம்பின் பக்கத்தில்கூட வராதவர்கள் வங்கிக் கணக்குக்காக ஜிஎஸ்டி எடுத்துவிடுகிறார்கள். எடுத்த நாளிலிருந்து முதல் ரூபாய்க்கே வரி வசூலிக்க வேண்டும் என்பதும், ஒரு வேலையும் நடக்காத மாதத்துக்கும் "ஒன்றுமில்லை" என்று அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும் என்பதும், தாமதமானால் நாள் கணக்கில் கட்டணம் ஏறும் என்பதும் பின்னால்தான் தெரியவருகிறது. வங்கியின் தேவைக்கு உத்யம் சான்றிதழோடு இன்னொரு ஆவணம் போதும் என்ற நிலையில் ஜிஎஸ்டி எடுப்பது, குடைக்காக வீட்டையே வாங்குவது போன்றது.

எந்தப் பன்னிரண்டு மாதங்கள்?

இனி வரம்புக்கு வருவோம். இந்தியாவில் சேவை வழங்குபவருக்கு 20 லட்சம் ரூபாய். மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, திரிபுரா ஆகிய நான்கு மாநிலங்களில் 10 லட்சம். பொருள் விற்பவர்களுக்குப் பல மாநிலங்களில் உள்ள 40 லட்சம் என்ற எண்ணைச் சேவை செய்பவர்கள் தங்களுக்கும் உரியது என்று நினைத்துக்கொள்வது இன்னொரு பழைய தவறு. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் 90,000 பவுண்டு, சிங்கப்பூரில் 10 லட்சம் சிங்கப்பூர் டாலர், கனடாவில் 30,000 கனடா டாலர்.

எண்ணைத் தெரிந்துகொள்வது எளிது. அதை எந்தக் காலத்துக்கு எதிராக வைத்து அளப்பது என்பதில்தான் ஆட்கள் வழுக்குகிறார்கள். நாடுகள் ஒரே கடிகாரத்தைப் பயன்படுத்துவதில்லை. இந்தியா ஏப்ரல் முதல் மார்ச் வரையான நிதியாண்டைப் பார்க்கிறது. பிரிட்டன் ஒவ்வொரு மாத முடிவிலும் திரும்பிப் பார்த்து, அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களைக் கூட்டச் சொல்கிறது. அது எந்த ஆண்டுக்கும் கட்டுப்படாத, உருண்டுகொண்டே போகும் பன்னிரண்டு மாதம். கனடா மாதத்துக்குப் பதில் காலாண்டை எடுத்து, அடுத்தடுத்த நான்கு காலாண்டுகளைக் கூட்டுகிறது. ஒரே காலாண்டில் தாண்டினால் விதி இன்னும் கடுமையாகிறது. சிங்கப்பூர் முடிந்துபோன நாள்காட்டி ஆண்டையும் பார்க்கிறது, வரப்போகும் பன்னிரண்டு மாதங்களையும் பார்க்கிறது.

ஒரே ஆளின் கணக்கை இந்தக் கடிகாரங்களில் வைத்துப் பார்ப்போம். நாணயக் குழப்பம் வேண்டாம் என்பதற்காக வரம்பு எப்போதும் 100. முதல் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் அவர் மாதம் 5 வீதம் இன்வாய்ஸ் அனுப்புகிறார். ஏழாம் மாதம் ஒரு பெரிய திட்டம் கிடைத்து, மாதம் 9 ஆகிறது. அந்தத் திட்டம் சரியாக ஓராண்டு ஓடி, இரண்டாம் ஆண்டின் ஆறாம் மாதத்தோடு முடிகிறது. பிறகு மறுபடியும் மாதம் 5.

ஆண்டுக் கணக்கில் பாருங்கள். முதல் ஆண்டு: ஆறு மாதம் 5 வீதம் 30, ஆறு மாதம் 9 வீதம் 54, மொத்தம் 84. இரண்டாம் ஆண்டும் வரிசை மாறி அதே 84. இந்திய முறையில் இவர் எந்த ஆண்டிலும் வரம்பைத் தொடவேயில்லை.

பிரிட்டிஷ் முறையில் கதை வேறு. இரண்டாம் ஆண்டின் நான்காம் மாத முடிவில் முந்தைய பன்னிரண்டு மாதங்களில் இரண்டு 5-களும் பத்து 9-களும் இருக்கின்றன. கூட்டினால் சரியாக 100. வரம்பைத் தாண்டினால்தான் பதிவு. தொட்டு நிற்பது தாண்டுவதாகாது, எனவே தப்பித்தார். அடுத்த மாத முடிவில் ஒரு 5 வெளியேறி ஒரு 9 உள்ளே வருகிறது. இப்போது 104. ஐந்தாம் மாதம் முடிந்து 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாண்டிய மாதத்துக்குப் பிறகு வரும் இரண்டாவது மாதத்தின் முதல் நாள், அதாவது ஏழாம் மாதம் முதல் தேதியிலிருந்து அவர் வரி வசூலிக்க வேண்டியவர்.

கனடா முறையில் காலாண்டுகள் 15, 15, 27, 27, பிறகு 27, 27. இரண்டாம் ஆண்டின் முதல் காலாண்டு முடிவில் கடைசி நான்கும் சேர்ந்து 96. இரண்டாம் காலாண்டு முடிவில் 108. அந்தக் காலாண்டுக்கு அடுத்த மாதம், அதாவது ஏழாம் மாதம் முடியும்வரை அவர் பதிவு தேவையில்லாத சிறு வழங்குநர்தான். எட்டாம் மாதத்தில் அனுப்பும் முதல் இன்வாய்ஸிலிருந்து வரி தொடங்குகிறது.

ஒரே உழைப்பு, ஒரே வருமானம். ஓரிடத்தில் ஏழாம் மாதம், ஓரிடத்தில் எட்டாம் மாதம், இன்னோரிடத்தில் ஒருபோதும் இல்லை. பெரிய திட்டம் முடிந்து வருமானம் சரிந்த மாதத்தில்தான் பதிவுக் கடமை வந்து கதவைத் தட்டுகிறது என்பதையும் கவனியுங்கள். உருளும் கணக்கில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் அது பழைய உச்சத்தை நினைவில் வைத்திருக்கிறது. பிரிட்டனில் இதற்கு ஒரு வழி உண்டு. அடுத்த பன்னிரண்டு மாதங்களில் விற்றுமுதல் பதிவு நீக்க வரம்பான 88,000 பவுண்டைத் தாண்டாது என்று காட்ட முடிந்தால் பதிவிலிருந்து விதிவிலக்குக் கேட்கலாம். நம் கணக்கில் ஆறாம் மாதம் 9, பிறகு பதினொரு மாதம் 5 வீதம் 55, மொத்தம் 64. தாராளமாகக் காட்டலாம். திட்டம் முடியும் தேதி எழுதிய ஒப்பந்தம் கையில் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், கேட்காமல் இருந்துவிட்டால் பதியத் தவறியவர் என்றே எண்ணப்படுவார்.

பின்னோக்கிப் பார்ப்பதோடு முன்னோக்கிப் பார்க்கும் விதியும் இருக்கிறது. பிரிட்டனில் அடுத்த 30 நாட்களில் மட்டும் வரம்பைத் தாண்டும் அளவு விற்றுமுதல் வரும் என்று தெரிந்தால், தெரிந்த அந்த நாளிலிருந்தே பதிவு பொருந்தும். சிறு ஃப்ரீலான்சருக்கு இது அரிது. சிங்கப்பூரின் முன்னோக்கு விதி வேறு வகை: வரும் பன்னிரண்டு மாதங்களில் தாண்டும் என்று ஒப்பந்தம் போன்ற ஆதாரத்தோடு எதிர்பார்க்க முடிந்தால் இப்போதே பதிய வேண்டும். பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளே அங்கே கணக்குப் பார்க்க வேண்டிய நாள்.

இதை அளக்கப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு விரிதாளில் முதல் வரியைத் தலைப்புக்கு விட்டு, இரண்டாம் வரியிலிருந்து மாதத்துக்கு ஒரு வரி எழுதி, `B` நிரலில் அந்த மாத இன்வாய்ஸ்களின் மொத்தத்தைப் போடுங்கள். பன்னிரண்டாம் மாதத்துக்கு எதிரே, `C13` கட்டத்தில் இதை எழுதிக் கீழே இழுத்துவிட்டால் உருளும் கூட்டல் தானாக வரும்:

```
=SUM(B2:B13)
```

மாதக் கடைசியில் `C` நிரலின் கடைசி எண்ணைப் பார்ப்பதே முழு வேலை. வரம்பின் எண்பது விழுக்காட்டை எட்டியதும் நான் அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் நிறம் கொடுத்துவிடுவேன். அதன் பிறகு புதிய வேலைக்கு விலை சொல்லும்போது "வரி தனி" என்ற இரண்டு சொற்களைச் சேர்க்கத் தொடங்க வேண்டும்.

எது கூட்டலில் வரும், எது வராது

விரிதாளில் போடும் எண்ணை வங்கி அறிக்கையிலிருந்து எடுத்தால் கணக்கு ஏறக்குறைய நிச்சயமாகத் தவறும். வங்கிக்கு வருவது கழித்தவை போக மீதிப் பணம். வேலை வாங்கித்தரும் இணையதளம் தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு 80 அனுப்பியிருக்கலாம். வாடிக்கையாளரோடு நேரடி ஒப்பந்தம் உங்களுடையது என்றால் உங்கள் விற்றுமுதல் 100. வருமான வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு அனுப்பினாலும் அப்படித்தான், பிடித்த தொகையும் உங்கள் விற்றுமுதலே. செலவுகளைக் கழிக்கவே கூடாது. வரம்பு லாபத்துக்கு வைத்ததன்று, விலைக்கு வைத்தது. தேதியும் பணம் வந்த தேதியாக இருக்க வேண்டியதில்லை. வேலை முடித்து இன்வாய்ஸ் அனுப்பியபின் பணம் மூன்று மாதம் தாமதமாக வந்தாலும், கூட்டலில் அது இன்வாய்ஸ் மாதத்தில்தான் உட்காரும். முன்பணம் வாங்கியிருந்தால் பல சட்டங்களில் அது வாங்கிய நாளிலேயே கணக்கில் ஏறும்.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதுதான் எல்லாவற்றிலும் சுவையானது. விற்றுமுதல் என்று ஒரே சொல்லைச் சொன்னாலும் ஒவ்வொரு சட்டமும் வெவ்வேறு பொருள்களை அந்தப் பையில் போடுகிறது. இன்னொரு ஆளை எடுத்துக்கொள்வோம். உள்நாட்டு வாடிக்கையாளர்களிடமிருந்து ஆண்டுக்கு 60. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குச் செய்யும் வேலையில் 30. தமக்குச் சொந்தமான இன்னொரு வீட்டைக் குடியிருக்க வாடகைக்கு விட்டதில் 15. தவிர, வெளிநாட்டில் இருக்கும் ஒரு பிழைதிருத்துநருக்கு வேலையைப் பகிர்ந்து கொடுத்து 6 செலுத்துகிறார்.

இந்திய ஜிஎஸ்டி சட்டத்தில் வரம்புக்கு எதிராக வைக்கும் மொத்த விற்றுமுதலில் வரிக்குரியவை, வரிவிலக்குப் பெற்றவை, ஏற்றுமதி எல்லாம் சேரும். ஏற்றுமதிச் சேவைக்கு வரி விகிதம் பூஜ்யமாக இருக்கலாம், குடியிருப்பு வாடகைக்கு விலக்கு இருக்கலாம். இரண்டும் கூட்டலில் வந்துவிடும். ஆக 60, 30, 15 சேர்ந்து 105. வீட்டு வாடகைக்கும் மொழிபெயர்ப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். முதலில் சொன்னதே விடை: தொழிலை அல்ல, ஆளை எண்ணுகிறார்கள். வாடகை இல்லாவிட்டால் இவர் 90-ல் நின்றிருப்பார்.

சிங்கப்பூரில் வரிவிலக்குப் பெற்ற குடியிருப்பு வாடகை சேராது, பூஜ்ய விகித ஏற்றுமதி சேரும். மொத்தம் 90. பெரும்பகுதி ஏற்றுமதி என்றால் பதிவிலிருந்து விலக்குக் கேட்கவும் அங்கே இடமுண்டு. கனடாவிலும் குடியிருப்பு வாடகை சேராது, ஏற்றுமதி சேரும், அங்கும் 90.

பிரிட்டனில் வெளிநாட்டு நிறுவனத்துக்குச் செய்யும் வேலை, பொதுவாக அந்த நிறுவனம் இருக்கும் நாட்டில் நடந்ததாகவே கொள்ளப்படுகிறது. ஆகவே அது பிரிட்டனின் வாட் வரி எல்லைக்கே வெளியே போய்விடுகிறது, கூட்டலில் வராது. வாடகையும் வராது. 60 மட்டும்தானா என்றால், இல்லை. வெளிநாட்டுப் பிழைதிருத்துநருக்குக் கொடுத்த 6 வருகிறது. வெளிநாட்டிலிருந்து வாங்கும் சேவைக்கு விற்றவருக்குப் பதிலாக வாங்கியவரே வரி கட்டும் முறையில், அந்தச் சேவையை நீங்களே உங்களுக்கு வழங்கியதாகச் சட்டம் பாவிக்கிறது. செலவு, வருமானமாக வேடமிட்டுக் கூட்டலில் நுழைகிறது. மொத்தம் 66.

அந்த 6 இந்தியாவில் கூட்டலில் வராது. ஆனால் அங்கே அது வேறொரு கதவைத் திறந்துவிடுகிறது. வாங்குபவரே வரி கட்ட வேண்டிய நிலை வந்தால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம் என்று சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. வெளிநாட்டு ஆளுக்குத் தொழிலுக்காக வேலை பகிர்ந்து கொடுப்பவர்கள் வரம்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் இந்தப் பிரிவு கண்ணில் படாமல் போகும். அதே 24-ஆம் பிரிவில் மாநிலம் கடந்து வழங்குபவர்களும் கட்டாயம் பதிய வேண்டும் என்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, பக்கத்து மாநில வாடிக்கையாளருக்கு ஒரு வேலை செய்ததற்காகவே பதிந்துவிட்டவர்கள் உண்டு. சேவைகளைப் பொறுத்தவரை அந்தக் கட்டாயத்தை 2017 அக்டோபரிலேயே ஓர் அறிவிப்பால் தளர்த்திவிட்டார்கள், வரம்புக்குள் இருப்பவருக்கு அது பொருந்தாது. சட்டத்தின் பிரிவை மட்டும் படித்து அறிவிப்பைப் படிக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

வரம்பை நெருங்கும்போது சிலருக்கு வரும் யோசனை, தொழிலை இரண்டாகப் பிளப்பது. சொந்தப் பெயரிலேயே இரண்டாவது தொழிலைத் தொடங்குவதால் பயனில்லை என்பதைப் பார்த்துவிட்டோம். பாதி இன்வாய்ஸை மனைவி அல்லது சகோதரர் பெயரில் போடலாமா என்றால், வேலை செய்பவர், கணினி, வாடிக்கையாளர் எல்லாம் ஒன்றாக இருக்கும்போது அது வெறும் காகிதப் பிளவு. பிரிட்டன், சிங்கப்பூர் வரித்துறைகளுக்கு இப்படிப் பிரித்ததைச் சேர்த்து ஒன்றாக எண்ண ஆணையிடும் அதிகாரம் உண்டு.

தாண்டியது பிறகு தெரிந்தால்

முதலில் ஒரு பரவலான நம்பிக்கையை விலக்கிவிடலாம். வரம்பு 100, விற்றுமுதல் 104 என்றால் மிகுந்த 4-க்கு மட்டும் வரி என்று பலர் நினைக்கிறார்கள். அது வருமான வரியின் படிக்கட்டு முறை. மறைமுக வரியில் பதிவு நடைமுறைக்கு வரும் தேதிக்கு முந்தைய 104-க்கும் வரி இல்லை, அந்தத் தேதிக்குப் பிந்தைய ஒவ்வொரு இன்வாய்ஸின் முழுத் தொகைக்கும் வரி உண்டு. தேதி தான் எல்லைக்கோடு. அதனால்தான் தாண்டிய மாதத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பது இவ்வளவு முக்கியமாகிறது.

நம் முதல் ஆள் பிரிட்டிஷ் முறையில் ஏழாம் மாதம் முதல் வரி வசூலிக்க வேண்டியவர். அவர் விதிவிலக்கும் கேட்கவில்லை, பதியவும் இல்லை, பன்னிரண்டாம் மாத முடிவில்தான் விழித்துக்கொள்கிறார் என்று வைப்போம். இடைப்பட்ட ஆறு மாதங்களில் 5 வீதம் 30 வாங்கியிருக்கிறார், வரி என்று ஒன்றும் வாங்கவில்லை. அவர் வாங்கிய 30-க்குள்ளேயே வரி அடங்கியிருப்பதாகத் துறை கொள்ளும். 20 விழுக்காடு வரி என்றால் வரி சேர்ந்த தொகையில் ஆறில் ஒரு பங்கு: 5. ஒரு மாதச் சம்பாத்தியம் முழுதும் போகிறது, தாமத அபராதம் தனி.

அந்த 5-ஐ வாடிக்கையாளரிடம் இப்போது கேட்க முடியுமா? வாடிக்கையாளர் யார் என்பதைப் பொறுத்தது. அவர் தாமே பதிவு பெற்ற நிறுவனமாக இருந்து, கட்டிய வரியைத் தம் வரியில் கழித்துக்கொள்ள முடியும் என்றால், முறையான வரி இன்வாய்ஸ் கொடுத்தால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார், அவருக்கு அது செலவன்று. தனி மனிதராகவோ பதிவில்லாத சிறு அமைப்பாகவோ இருந்தால் அது நேரடி விலையேற்றம். முடிந்துபோன வேலைக்கு யாரும் விலையேற்றம் தரமாட்டார்கள். ஒப்பந்தத்தில் வரி தனி என்று எழுதியிருந்தால் கேட்பதற்காவது வாய் இருக்கும்.

இந்தியாவில் தாமதத்துக்கு இன்னொரு கூர்மையும் இருக்கிறது. வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் பதிவு தாண்டிய நாளுக்கே பின்னோக்கிப் பொருந்தும். இடையில் அனுப்பிய இன்வாய்ஸ்களைத் திருத்தி, சான்றிதழ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வரி இன்வாய்ஸாக மாற்றிக் கொடுக்கலாம். வாடிக்கையாளரும் அந்த வரியைத் தம் வரியில் கழித்து வரி வரவு எடுத்துக்கொள்ளலாம். 30 நாட்கள் கடந்துவிட்டால் பதிவு வழங்கப்பட்ட நாளிலிருந்துதான் பொருந்தும், வரிக் கடமை மட்டும் தாண்டிய நாளிலிருந்தே நிற்கும். நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது: வரி கட்ட வேண்டும், ஆனால் அந்தக் காலத்துக்கு வரி இன்வாய்ஸ் கொடுக்கும் தகுதி இல்லை.

தகுதி வருவதற்கு முன்பே முன்னெச்சரிக்கையாக இன்வாய்ஸில் வரியைச் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்வதும் வழியன்று. பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கக் கூடாது என்று இந்தியச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு தெளிவாகத் தடுக்கிறது. பிரிட்டனில் விண்ணப்பித்து எண் வரும்வரையான இடைவெளியில் இன்வாய்ஸில் வாட் என்று தனியாகக் காட்டக் கூடாது. வரப்போகும் வரியின் அளவுக்கு விலையை உயர்த்தி, காரணத்தை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு, எண் கிடைத்ததும் வரியைப் பிரித்துக் காட்டும் இன்வாய்ஸை மறுபடி அனுப்பலாம்.

வங்கிக் கணக்குக்காக ஜிஎஸ்டி எடுத்தவர் பாதை இதற்கு நேர் எதிரானது. விற்றுமுதல் வரம்புக்குக் கீழேயே இருக்கிறது, வெளிநாட்டு ஆளுக்கு வேலை கொடுப்பதில்லை, வாடிக்கையாளர்களும் வரி வரவு எடுக்காத தனி மனிதர்கள் என்றால் அவர் `REG-16` படிவத்தில் ரத்து கேட்கலாம். நிலுவை அறிக்கைகளை முதலில் முடிக்க வேண்டும், ரத்தான பிறகு `GSTR-10` என்ற இறுதி அறிக்கையை மூன்று மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ரத்து ஆணை வந்ததோடு எல்லாம் முடிந்தது என்று இந்தக் கடைசி அறிக்கையை விட்டுவிடுபவர்களுக்கு, இல்லாத பதிவின் பெயரில் நோட்டீஸ் வருகிறது.